ஃபிர்தவ்ஸின் மறுப்பு

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் 2004இல் வெளிவந்தது. தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பமொன்றின் கதை. இலங்கையின் அக்கரைப்பற்றில் நண்பர்கள் கூடி அதைப் பேசியபோது, அதில் வரும் ஃபிர்தவ்ஸ் என்ற பெண் மீதுதான் கோபம் பாய்ந்தது. அழகி என்ற திமிரில் கட்டிய மாப்பிள்ளையை வேண்டாம் என்றாளாம். அப்படி வாசிப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

நாவலில் பெண்கள் பலர் விருப்பமில்லாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். வஹிதா தனக்கு வாய்த்த கணவனோடு பல்லைக் கடித்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறாள். ஃபிர்தவ்ஸ் ஒருத்திதான் முதலிரவிலேயே "உன்னோடு வாழமாட்டேன்" என்ற பொருளில் வாய் திறக்கிறாள். அவன் அழகனா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. பெண் பார்க்க வரும் ஆண், நிறத்தையும் உயரத்தையும் அளந்து 'பிடிக்கவில்லை' என்று எழுந்து போனால் நாம் திமிர் என்று சொல்கிறோமா? நிக்காஹ்வுக்கு முன்பு எவரும் அவளிடம் மனதாரக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவள் கட்டிலருகே பதில் சொன்னாள்.

இது இந்தியாவின் கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவில் மணமகளின் கையெழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. அவளுக்காக 'வலி' எனப்படும் ஆண் பொறுப்பாளர் கையெழுத்திடுவார். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தாய்வழிக் குடிமுறை தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உண்டு. மகளுக்குச் சீதனமாக வீடு எழுதுகிறோம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். இதைக் காட்டி எங்கள் பெண்கள் சுதந்திரமானவர்கள் என்று பெருமை பேசுவோர் பலர். வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவர்கள் பெயர் இருக்கிறது, உண்மைதான். அதனால் கணவனால் துரத்தப்படாத பெண்களை நானும் அறிவேன். ஆனால் அந்த வீட்டைக் கட்ட வாப்பாவும் காக்காமாரும் வெளிநாட்டில் உழைத்து ஓய்ந்திருப்பார்கள். இத்தனை செலவுக்குப் பிறகு "எனக்கு இவர் வேண்டாம்" என்று சொல்ல எந்த மகளுக்கு நா எழும்?

மறுத்துத் தாய்வீடு திரும்பிய ஃபிர்தவ்ஸ், பின்னர் சிவா என்ற இந்து ஆணை நேசிக்கிறாள். இந்த இரண்டாவது முடிவைத்தான் வட்டத்தில் பெண்களும் மன்னிக்கவில்லை. எனக்கோ இரண்டும் ஒரே முடிவின் தொடர்ச்சி. தன் உடம்பை யாருக்குத் தருவது என்பதை அவளே தீர்மானிக்கிறாள்.

தண்டனை தாயின் கையால் வருகிறது. நஞ்சைக் கொடுப்பவள் பெற்றவள். அந்த ஊரின் ஆண்கள் எவரும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. மானத்தின் பாரத்தை ஒரு விதவையின் தலையில் ஏற்றிவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். ஆசைப்பட்ட பெண்ணைச் சாகடித்ததால் நாவலாசிரியரும் ஊரின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று ஒரு தங்கை சொன்னார். நான் ஒப்பவில்லை. தப்பிக்க வைத்திருந்தால், நாம் அந்தத் தாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டோம்.