தம் நினைப்புக் குறிப்பேடு: இந்த வாரம்

(நினைப்பின் வேகத்துக்கு 10-க்கு மதிப்பெண். ஒரு நாளைக்கு 4 சிகரெட், அதற்கு மேல் இல்லை.)

திங்கள், காலை 6.20
நினைப்பு 8. தூண்டியது: ஒன்றுமே இல்லை, கண் விழித்ததுதான். ராத்திரியெல்லாம் உடம்பில் நிகோடின் இறங்கிப்போயிருக்கும். இது உடம்பு கேட்பது. மாற்று: பல் தேய்த்துவிட்டு மாடிச் செடிகளுக்குத் தண்ணீர். முதல் சிகரெட் 7.30-க்கு.

திங்கள், 11.10
9. டீக்கடை. பக்கத்துப் பெட்டிக்கடையில் கயிறு தொங்குகிறது, நுனியில் நெருப்பு கனிந்துகொண்டே இருக்கிறது. டீ கிளாஸ் கைக்கு வந்ததும் இன்னொரு கை சட்டைப்பைக்குப் போகிறது. மாற்று: டீ குடித்த கையோடு நிகோடின் கம், 2 மி.கி. துளியும் எடுபடவில்லை. கடைசியில் சிகரெட்தான்.

செவ்வாய், 11.20
சிகரெட் பெட்டியில் போட்டிருக்கும் 1800-11-2356-க்குக் கூப்பிட்டுக் கேட்டேன். இலவசம்தான். டீயோ காபியோ குடித்து 15 நிமிடமாவது ஆகாமல் கம் போடக் கூடாதாம், வாய்க்குள் நிகோடின் சரியாக ஏறாது. சும்மா மென்றுகொண்டே இருப்பதும் தப்பு. மெதுவாகச் சில கடி, சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். இதை மருந்துக்கடையில் யாரும் சொல்லவில்லை!
இன்று 10.40-க்கே கம், 11.15-க்கு டீ. நினைப்பு 4. சிகரெட் இல்லாமல் டீ குடிப்பது என்னவோ பாதி டீ குடித்த மாதிரி இருந்தது, ஆனால் குடித்தாயிற்று.

புதன், மாலை 3.45
6. பார்ட்டி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார், ஷாஃப்ட் அளவு சரியில்லையாம். உடனே சேகர், "வா மாப்ள, ஒரு தம் போட்டுட்டு வந்து பார்த்துக்கலாம்." "நீ போயிட்டு வா மச்சான், நான் மைக்ரோமீட்டரை எடுக்கிறேன்." மாற்று: அளந்து பார்த்தது. அளவு சரியாகத்தான் இருந்தது. கோபத்தில் தம் நினைப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

வியாழன்
மழை. 3 சிகரெட். எழுத ஒன்றுமில்லை.

வெள்ளி, இரவு 9.10
7. சாப்பிட்டு முடித்ததும் மொட்டை மாடிக்குக் கால் போனது. மாற்று: பாத்திரம் கழுவுவது. கை ஈரமாக இருந்தால் தீப்பெட்டி எடுக்க முடியாது. குக்கரைத் தேய்த்து முடிப்பதற்குள் நினைப்பு 3. மனைவி சந்தேகமாகப் பார்த்தாள், ஏதோ கடன் கேட்கப் போகிறேன் என்று நினைத்திருப்பாள்.

சனி, மதியம்
அடுத்த வாரம் 3 சிகரெட். நிறுத்துவது 11 மணி சிகரெட்டை. காலை 7.30-ஐ இப்போதைக்குத் தொடவில்லை, அதுதான் கஷ்டமானது. பையனிடம் சொல்லிவிட்டேன்: திங்கள் முதல் டீ பார்சல், பட்டறைக்கே வரும்.