ஒரு நாள், ஆறு காலம்: எங்கள் ஊர்ச் சிவன் கோயில்

(திரையில்: அதிகாலை 4.30)

இருட்டுக்குள் கிறீச்சென்று கேட்கிறதே, அது கிணற்றுக் கப்பி. ஐயர் தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. ஐயருக்கும் சரி, சுவாமிக்கும் சரி, கிணற்றுத் தண்ணீர்தான்.

வெளிக்கதவைத் திறந்து உள்ளே வந்ததும் அவர் நேரே மூலஸ்தானத்துக்குப் போவதில்லை. வடகிழக்கு மூலையில் இருக்கிற வைரவரிடம் போகிறார். உள்திறப்புகளை நேற்றிரவு அங்கேதான் ஒப்படைத்தார். கும்பிட்டு எடுத்துக்கொள்கிறார். பிறகு கண்டாமணி. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அலாரம் இதுதான்.

பள்ளியறைக் கதவு திறக்கிறது. நாதஸ்வரத்தில் பூபாளம், அதன் பின்னால் ஓதுவாரின் திருப்பள்ளியெழுச்சி. சுவாமியை எழுப்பி மூலஸ்தானத்துக்கு அழைத்துப் போகிறார்கள். நாளின் முதற்பூசை, உஷக்காலம், வெளிச்சம் வருமுன்பே முடிந்துவிடுகிறது.

(திரையில்: காலை 7.00)

காலைச்சந்தி. மடைப்பள்ளியில் புக்கை பொங்குகிறது. தீர்த்தக் கிணற்றருகே மோட்டர் இருக்கிறது, ஆனால் அபிஷேகத்துக்கு எடுக்கிற தண்ணீரை இன்றைக்கும் வாளியால்தான் இறைக்கிறார்கள். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு ஓடி வருகிறார்கள். இந்தப் பிள்ளைக்கு இன்றைக்குக் கணக்குச் சோதனையாம். திருநீறு நெற்றியில் கொஞ்சம், பேனையில் கொஞ்சம்.

அபிஷேகம் முடிந்ததும் திரை போடுவார்கள். உள்ளே அலங்காரம். செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி எல்லாம் கோயில் நந்தவனத்துப் பூக்கள். அந்த மாலையின் முடிச்சைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள், நூல் இல்லை, வாழை நார். கட்டிய அம்மா விரலை ஈரமாக்கி, இரண்டு பூவுக்கு ஒரு சுற்று என்று பார்க்காமலே கட்டுவார்.

(திரை கறுப்பாகிறது. மணி, தவில், நாதஸ்வரம் மட்டும்)

மன்னிக்க வேண்டும், தீபாராதனையை நாங்கள் படம் எடுக்கவில்லை. மூலஸ்தானத்தைக் கமராவில் பிடிப்பது சரியில்லை என்று எங்களுக்கும் பட்டது, ஐயரும் அதையே சொன்னார். கண்ணை மூடிக் கேளுங்கள். தவில், நாதஸ்வரத்துக்கு இணுவிலும் அளவெட்டியும் பேர்போன இடங்கள். அந்தப் பக்கத்துக் கைதான் இது.

பூசை முடிவில் பஞ்சபுராணம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்று ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாட்டு. அப்புறம் 'வான்முகில் வழாது பெய்க' என்ற வாழ்த்து. கந்தபுராணத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடியது. மழையை நம்பித் தோட்டம் செய்கிற ஊரில் அந்த முதல் வரிக்கு ஒரு தனிப் பாரம் உண்டு.

(திரையில்: நண்பகல் 12.00)

உச்சிக்காலம். நைவேத்தியம், பூசை, நடை சாத்தல். பிறகு நாலரை வரைக்கும் சுவாமிக்கும் ஓய்வு, வீதிக்கும் ஓய்வு. மணலில் வேப்பம்பூ கொட்டிக் கிடக்கிறது.

(திரையில்: மாலை 6.00)

சாயரட்சை. விளக்குகள் வரிசையாக ஏறுகின்றன. வேலையால் வந்தவர்கள் சேட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கூட்டம் அதிகம் இருப்பது இந்த நேரம்தான். ஏழு மணிக்கு இரண்டாங்காலம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொடியேற்றம், தேர், தீர்த்தம் என்றால் ஊரே திரளும், வெளிநாட்டிலிருந்தும் வருவார்கள். அதெல்லாம் நைமித்தியம். அன்றாடம் நடக்கிற இது நித்திய பூசை. நித்தியத்தில் விடுபட்ட குறையைத் தீர்க்கத்தான் திருவிழா என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆறு காலமும் நடத்த வசதியில்லாத கோயில்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்று சுருக்கிக்கொள்கின்றன. இந்தக் கோயிலில் ஆறும் நடக்கிறது என்றால், அதற்குப் பின்னால் இந்த ஐயரும் ஓதுவாரும் பூக்கட்டும் அம்மாவும் இருக்கிறார்கள்.

(திரையில்: இரவு 8.30)

அர்த்தசாமம். எண்ணிப் பார்த்தோம், ஒன்பது பேர். சுவாமியின் பாதுகை சின்னப் பல்லக்கில் வருகிறது. தூக்குகிறவர்களின் வெறுங்கால் கல்லில் படுவதுகூடக் கேட்கும். அம்பாள் காத்திருக்கிற பள்ளியறையில் நாதஸ்வரம் நீலாம்பரிக்கு இறங்குகிறது. பால் நைவேத்தியம், ஒரு தாலாட்டு, மெல்லச் சாத்துகிற கதவு.

கடைசிப் பூசை வைரவருக்கு. ஐயர் திறப்புக் கோர்வையை அவர் காலடியில் வைக்கிறார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன, அவருடைய விளக்கு மட்டும் எரியட்டும் என்று திரியைத் தூண்டிவிட்டு வருகிறார்.

ஊரில் இருக்கிறவர்கள் ஒருநாள் எட்டரைக்கு வாருங்கள். பள்ளியறைப் பால் உள்ளங்கையில் இளஞ்சூடாக ஊற்றுவார்கள். ஒன்பது பேருக்குப் போக எப்போதும் மிச்சம் இருக்கிறது.