புதுசா சேந்தவங்களுக்கு பிஎப் பத்தி: கேண்டீன்ல பேசினது

எல்லாரும் உக்காந்தாச்சுங்களா? பின்னாடி நிக்கறவங்க முன்னாடி வாங்க, பெஞ்சு காலியா இருக்குது. ரெண்டாவது மாடில மிஷின் ஓடறதால கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவேன், கோவமா பேசறேன்னு நெனச்சுக்க வேண்டாம்.

மொத மாசச் சம்பளச் சீட்டு வாங்கினதும் பாதிப்பேரு நேரா எங்கிட்டத்தான் வருவாங்க. "அக்கா, காசு கொறையுது"ன்னு. அதனால இப்பவே சொல்லிப்புடறேன். செக்கிங்ல சேந்த இந்த அம்மணியோட சீட்டையே எடுத்துக்கலாம். பேசிக்கும் டிஏவும் சேத்து 12,000. அதுல 12 சதவீதம், 1,440 ரூபா, பிஎப்னு கழிஞ்சிருக்கும். அதுக்குக் கீழயே ஈஎஸ்ஐன்னு ஒண்ணு இருக்கும், அது வைத்தியத்துக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க.

நீங்க 1,440 போட்டா கம்பெனியும் 1,440 போடுது. ஆனா கம்பெனி போடறது ரெண்டாப் பிரியுதுங்க. 8.33 சதவீதம், அதாவது 1,000 ரூபா, பென்சனுக்குப் போயிரும். மிச்சம் 440 உங்க பிஎப் கணக்குக்கு வரும். ஆக மாசம் 1,880 உங்க பேருல ஏறும். "கம்பெனி சரியாப் போடறதில்ல, பாஸ்புக்குல கம்மியா இருக்குது"ன்னு ஒரு டெய்லர் அண்ணன் போன வருசம் சண்டைக்கே வந்துட்டாரு. பென்சன் கலத்தைக் காட்டினதுக்கப்பறந்தான் உக்காந்தாரு.

சம்பளம் 15,000க்கு மேல இருந்தாலும் பென்சனுக்கு 15,000க்குத்தான் கணக்கு, 1,250க்கு மேல அங்க போகாது. வட்டி 2024-25க்கு 8.25 சதவீதம் குடுத்தாங்க. மாசாமாசம் கணக்குப் போட்டாலும் வருசத்துக்கு ஒருக்காத்தான் ஏறும், அதனால தெனமும் பாத்துட்டு "வட்டியக் காணமே"ன்னு வர வேண்டாமுங்க.

இதே 1,880, இதே வட்டின்னு வெச்சுக்கிட்டாலும், பத்து வருசத்துல மூணு லட்சத்து முப்பதாயிரத்துக்குக் கொறையாது. சம்பளம் ஏற ஏற இன்னும் கூடும்.

இப்ப நான் நெம்ப நேரம் பேசப்போற விசயத்துக்கு வர்றேன். நம்மூருல ஒரு பழக்கம் இருக்குதுங்க. தீவாளிக்குப் போனஸ் வாங்கிட்டு ஊருக்குப் போவாங்க, திரும்பி வர்றப்ப வேற கம்பெனி. பேட்லாக் தையல் மிஷின் ஓட்டறவங்களுக்கு எந்தக் கேட்டுல நின்னாலும் வேலை கெடைக்கும், அது உங்க தெறமை, போங்க. ஆனா போறப்ப ஒவ்வொரு தடவையும் பிஎப்ப வழிச்செடுத்துட்டுப் போறீங்க பாருங்க, அதத்தான் வேண்டாங்கறேன்.

நானும் அதைத்தான் செஞ்சேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு மில்லுல ஆறு வருசம் வேலை. நின்னதும் பிஎப்பையும் எடுத்தேன், கூடவே பாரம் 10சி போட்டு பென்சன் காசையும் எடுத்தேன். ரெண்டையும் சேத்து ஒரு ஜோடிக் கம்மல் வாங்கினேன். கம்மல் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பென்சன் கணக்குல அந்த ஆறு வருசமும் அழிஞ்சு போச்சுங்க. இங்க வந்து மறுபடி ஒண்ணுல இருந்து எண்ண ஆரம்பிச்சேன். பென்சன் வாங்கப் பத்து வருசம் சர்வீஸ் ஓணும். அன்னைக்கு எடுக்காம இருந்திருந்தா இங்க நாலே வருசத்துல அந்தப் பத்தை முடிச்சிருப்பேன்.

என்ன தம்பி, பென்சன் எவ்வளவு வருங்கறயா? கணக்கு இப்படித்தான்: கடைசி அறுபது மாசச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருசத்தால பெருக்கி எழுபதால வகுக்கோணும். 12,000ல பத்து வருசத்துக்கு மாசம் 1,714 ரூபா. இருவத்தஞ்சு வருசம்னா 4,285க்குக் கொறையாது. பெரிய காசுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா 58 வயசுக்கு மேல மாசம் பொறந்தா பேங்குல விழுகும், பையங்கிட்டக் கை நீட்டாம மருந்து வாங்கிக்கலாம்.

அதனால வேலை மாறினா புதுக் கம்பெனில உங்க யுஏஎன் நம்பரக் குடுங்க. பன்னண்டு இலக்கம், ஆளுக்கு ஒண்ணுதான், சாகற வரைக்கும் அதேதான். "எனக்குப் பிஎப்பே இல்லைங்க"ன்னு பொய் சொல்லிப் புதுசா எடுக்காதீங்க. மொதல் தடவையா யுஏஎன் எடுக்கறவங்க உமங் ஆப்புல மொகத்தைக் காட்டி எடுக்கோணும். மத்தியானம் நானே கூட இருந்து எடுத்துத் தர்றேன்.

சரி, அவசரத்துக்கு எடுக்கவே முடியாதான்னா, முடியுங்க. வேலைல இருந்துக்கிட்டே பாரம் 31ல அட்வான்ஸ் கேக்கலாம். சீக்கு, கல்யாணம், புள்ளைங்க படிப்பு, வீடு, இதுக்கெல்லாம் வழி இருக்குது. திருப்பிக் கட்ட வேண்டியதில்ல. 2025 அக்டோபர்ல டெல்லில பிஎப் அறங்காவலர் குழு கூடி, பதிமூணு வகையா இருந்த அட்வான்ஸை மூணு வகையாச் சுருக்கவும், கால்வாசிப் பணத்தைக் கணக்குலயே வெக்கவும் முடிவு எடுத்தாங்க. வேலைய விட்டுட்டு மொத்தமா எடுக்க ரெண்டு மாசம்னு இருந்த காத்திருப்பை ஒரு வருசமா ஆக்கறதும் அதுல உண்டு. அதனால பக்கத்து ரூம்காரர் எடுத்தாருன்னு நீங்களும் அதே மாதிரி போட்டுறாதீங்க. போடற அன்னைக்கு என்ன விதின்னு எங்கிட்டக் கேட்டுட்டுப் போடுங்க.

இன்னொண்ணு. அஞ்சு வருசம் முடியறதுக்குள்ள 50,000 இல்ல அதுக்கு மேல எடுத்தா பத்து சதவீதம் வரி புடிப்பாங்க. பான் கார்டு இல்லாட்டி இன்னும் எச்சா. பழைய கம்பெனிக் கணக்கை மாத்திக் கொண்டு வந்திருந்தீங்கன்னா அந்த வருசமும் அஞ்சுல சேரும்.

பிஎப் எடுத்துத் தர்றேன்னு ரெண்டாயிரம் மூவாயிரம் கேக்கற ஆளுங்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கறாங்க. விண்ணப்பத்துக்கு ஒரு பைசாக் கட்டணம் கெடையாதுங்க. போனுக்கு வர்ற ஓடிபிய யாரு கேட்டாலும் சொல்லாதீங்க, நான் கேட்டாலுஞ் சரி. கணக்குல எவ்வளவு இருக்குதுன்னு தெரியோணும்னா, பதிஞ்ச நம்பர்ல இருந்து 9966044425க்கு மிஸ்டு கால் குடுங்க, மெசேஜ் வந்துரும்.

காசு நிக்கறது பெரும்பாலும் பேருனாலதாங்க. ஆதார்ல "செல்வி கே", பேங்குல "கே செல்வி", பிஎப்ல "செல்வி கருப்புசாமி". மூணும் ஒரே ஆளுதான்னு நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அப்பறம் பொறந்த தேதி. ஆதார் எடுக்கறப்பக் குத்துமதிப்பா ஜனவரி 1ன்னு போட்டவங்க யாராவது இருக்கறீங்களா? கை தூக்குங்க... ஒண்ணு, ரெண்டு... அஞ்சு பேரு. நீங்க அஞ்சு பேரும் ஸ்கூல் டிசி எடுத்துட்டு வாங்க, இப்பவே சரி பண்ணிரலாம். பணம் ஓணுங்கற அன்னைக்கு ஓடினா நெம்ப நாளாகும்.

கடைசியா நாமினி. வேலைல இருக்கறப்ப ஏதாவது ஆயிருச்சுன்னா, பிஎப்போட சேந்த காப்பீட்டுல குடும்பத்துக்கு ஏழு லட்சம் வரைக்கும் வரும், அதுக்கு உங்ககிட்ட ஒரு பைசா புடிக்கறதில்ல. ஒரு மாசம் பென்சனுக்குக் கட்டியிருந்தாக்கூட விதவைப் பென்சன் உண்டு. கல்யாணம் ஆகாதவங்க இப்ப அம்மா பேரப் போடுவீங்க. கல்யாணம் ஆச்சுன்னா அந்த நாமினி செல்லாது, மறுபடி போடோணும். கல்யாணப் பத்திரிகை வெக்க வர்றப்ப எனக்கும் ஒண்ணு வெச்சீங்கன்னா நானே ஞாபகப்படுத்துவேன்.

நாளைக்குக் காலைல ஆதார், பான், பேங்க் பாஸ்புக், நாமினியோட ஆதார், ஒரு போட்டோ, எல்லாம் எடுத்துட்டு வாங்க. ஆதார்ல பதிஞ்ச சிம் போன்ல இருக்கோணும். டீ வந்துருச்சு, குடிச்சுட்டு லைனுக்குப் போங்க. அந்த அஞ்சு பேரு மட்டும் இருங்க, தேதிய எழுதிக்கறேன்.