பணி எல்லை விளக்கக் கடிதம்: கட்டுமான வேலையும் மின் வேலையும் சந்திக்கும் இடங்கள்

கடித எண்: மின்/07
நாள்: 14.11.2025

அனுப்புநர்: திட்ட மேலாளர், முதன்மை ஒப்பந்ததாரர் தள அலுவலகம், சரவணம்பட்டி, கோயம்புத்தூர்

பெறுநர்: உரிமையாளர், மின் துணை ஒப்பந்த நிறுவனம், காந்திபுரம், கோயம்புத்தூர்

பொருள்: மாணவியர் விடுதிக் கட்டடம் (தரைத்தளம் + 4 தளங்கள்): இருவருக்கும் பொதுவான வேலைகளில் யார் எதைச் செய்வது

ஐயா,

வணக்கம். 12.11.2025 அன்று தளத்தில் நாம் பேசியதை எழுத்தில் வைக்கிறேன். வேலைப் பட்டியலில் இருப்பதைப் பற்றி நமக்குள் தகராறு இல்லை. பட்டியலில் யார் பெயரிலும் இல்லாத வேலைகளில்தான் இரண்டு பக்கமும் ஆட்கள் கை கட்டி நிற்க வேண்டியதாகிறது.

முதலில் ஸ்லாப். மூன்றாம் தளத்தில் சென்ட்ரிங் பிரித்த பிறகு, அறை 307, 311 இரண்டிலும் ஃபேன் பாக்ஸிலிருந்து ஸ்பிரிங் போகவில்லை. உடைத்துப் பார்த்தோம். 307இல் 25 மி.மீ. பைப் இணைப்பில் கழன்று உள்ளே சிமென்ட் பால் இறங்கியிருந்தது. அங்கே பசையும் இல்லை, கட்டுக்கம்பியும் இல்லை. 311இல் பைப் நசுங்கியிருந்தது. வைப்ரேட்டர் ஊசி பட்டதோ, தள்ளுவண்டி ஏறியதோ, எப்படியானாலும் அது எங்கள் ஆட்களின் கவனக்குறைவுதான். எனவே 307க்கான செலவு உங்களுடையது, 311க்கானது எங்களுடையது. முழுவதையும் உங்கள் பில்லில் பிடிக்கச் சொல்லி எங்கள் தளப் பொறியாளர் எழுதியிருந்த குறிப்பை ரத்து செய்துவிட்டேன்.

நான்காம் தள ஸ்லாப் 22.11.2025 அன்று. கீழ்க்கம்பி கட்டி முடித்ததும் உங்களுக்கு முழுதாக ஒரு நாள் விடுவோம். அதற்குள் மேல்கம்பி கட்டும் ஆட்களை ஏற்ற மாட்டோம். பைப் போடுவது, பாக்ஸ்களை அடைத்து மூடுவது, இணைப்புகளைப் பசை போட்டுக் கட்டுவது உங்கள் வேலை. கான்கிரீட் போடும் முன் இரு தரப்புப் பொறியாளர்களும் சேர்ந்து பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, படமும் எடுக்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு நேரும் சேதம் எங்கள் கணக்கு. ஆனாலும் கான்கிரீட் முடியும்வரை உங்கள் எலக்ட்ரீஷியன் ஒருவர் மேலே நிற்க வேண்டும். பைப் கழன்றால் கான்கிரீட் இறுகுவதற்குள் கண்ணில் பட வேண்டும்.

சுவரில் காடி எடுப்பது நீங்கள், மெஷின் கட்டர் வைத்து மட்டும். உளியும் சுத்தியலும் வேண்டாம். 4 அங்குலச் சுவரில் குறுக்காகக் காடி எடுக்கக் கூடாது. பைப் பதித்த பின் கலவை அடைப்பதும் உங்கள் வேலை. வலை வைத்துப் பூசுவது எங்கள் வேலை. பூச்சு முடிந்த சுவரை மறுபடி வெட்டினால், வரைபடம் மாறியதால் வெட்டியதா, மறந்ததால் வெட்டியதா என்று பார்த்துத்தான் செலவு யாருடையது என்று முடிவாகும். பீம், தூண் இரண்டிலும் கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் ஒப்புதல் தராமல் ஒரு துளைகூடப் போடக் கூடாது. இதில் எனக்கே அதிகாரம் இல்லை.

எர்த் குழிகள் எட்டு. தோண்டுவதும் மூடித் தொட்டி கட்டுவதும் நாங்கள். மின்முனை, பட்டை, நிரப்புப் பொருள், அளவீடு எல்லாம் நீங்கள். கேபிள் பள்ளமும் அப்படித்தான்: 750 மி.மீ. ஆழத்துக்கு நாங்கள் தோண்டித் தருவோம். மணல், கேபிள், மேல் செங்கல், எச்சரிக்கை நாடா உங்களுடையவை. நாடா போட்ட படம் வந்த பிறகே மண் தள்ளுவோம். ஜெனரேட்டர் மேடையை நாங்கள் கட்டுவோம், போல்ட் இடங்கள் குறித்த வரைபடம் 24.11.2025க்குள் உங்களிடமிருந்து வர வேண்டும்.

லிஃப்டுக்கு அதன் மெயின் சுவிட்ச் வரை உங்கள் வேலை. அப்புறம் லிஃப்ட் நிறுவனத்தார் பார்த்துக்கொள்வார்கள்.

விட்டுப்போனது ஒன்று: மாடித் தொட்டியின் ஃப்ளோட் சுவிட்சிலிருந்து கீழே மோட்டார் ஸ்டார்ட்டர் வரையிலான கேபிள். பிளம்பர் பட்டியலிலும் இல்லை, உங்கள் பட்டியலிலும் இல்லை. ஏறக்குறைய 40 மீட்டர். சுவிட்சும் ஸ்டார்ட்டரும் பிளம்பர் தருவார். பைப்பும் கேபிளும் நீங்கள் போடுங்கள். ஒப்பந்த மீட்டர் விலையில் கூடுதல் வேலையாகத் தனியே பில் போடலாம். பூச்சு ஆரம்பிக்கும் முன் முடிய வேண்டும்.

தற்காலிக மின்சாரத்தில் மெயின் போர்டு வரை எங்கள் பொறுப்பு. அதிலிருந்து உங்கள் ஆட்கள் எடுக்கும் ஒவ்வோர் இணைப்பும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் போக வேண்டும். போன வாரம் இரண்டாம் தளத்தில் வெறும் வயரைச் சாக்கெட்டில் செருகிக் குச்சி வைத்து அடைத்திருந்ததை நானே பிடுங்கினேன். பக்கத்தில் நனைந்த தரையில் ஒரு பெண் சிமென்ட் சட்டி தூக்கிக்கொண்டிருந்தார். இனி அப்படி ஒன்று கண்ணில் பட்டால், யார் ஆளாக இருந்தாலும் அந்தத் தளத்தில் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவேன்.

சாரம் பொது, எங்கள் ஃபோர்மேனிடம் சொல்லாமல் கழற்ற வேண்டாம். காடிக் குப்பையை அந்தந்தத் தளத்தில் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள், கீழே இறக்குவது நாங்கள்.

ஒப்பந்த விலையும் முடிக்க வேண்டிய தேதியும் மாறவில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் 17.11.2025 மாலைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் இணைத்துள்ள நகலில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். 18ஆம் தேதி காலை இரு தரப்பு ஃபோர்மேன்களையும் உட்கார வைத்து இதை நான் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
திட்ட மேலாளர்

நகல்: தளப் பொறியாளர், பிளம்பிங் துணை ஒப்பந்ததாரர்