கடையின் பெயர் மாறுகிறது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

கோபிசெட்டிபாளையம்
பங்குனி 10

முருகன் துணை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கமுங்க.

வருகிற சித்திரை 1, ஏப்ரல் 14 முதல் நம் ‘ஸ்ரீ முருகன் நகை மாளிகை’ என்ற பெயர் ‘அத்தாணிக்காரர் நகைக்கடை’ என்று மாறுகிறது. கடை கைமாறவில்லை, பாகம் பிரியவில்லை, பங்காளி யாரும் புதிதாகச் சேரவுமில்லை. அதே கடைவீதி, அதே படிக்கட்டு, கல்லாவில் அதே ஆள்.

பெயரை நாங்கள் யோசித்து வைக்கவில்லை, நீங்கள் வைத்ததுதான். 1958-ல் எங்கள் அப்பாரு அத்தாணியில் இருந்து ஒரு தராசும் உரைகல்லும் எடுத்துக்கொண்டு கோபிக்கு வந்து, ஒற்றைக் கதவுக் கடை பிடித்தார். போர்டில் முருகன் பெயர் இருந்தாலும் ஊர் வாயில் அது ‘அத்தாணிக்காரர் கடை’ ஆகிவிட்டது. இன்றைக்கும் மினி பஸ் கண்டக்டர் அப்படிச் சொல்லித்தான் ஆளை இறக்குகிறார். பழைய பேரேட்டில் ஒரு பக்கத்தில், மஞ்சள் விற்ற காசில் காசுமாலை செய்த ஒரு வீட்டாருக்கு வரவு வைத்துவிட்டு, அப்பாருவே கீழே ‘அத்தாணியான்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு எங்களுக்குத் தயக்கம் போய்விட்டது.

இப்போது மாற்றக் காரணம், எங்கள் பழைய பெயரில் ஊருக்கு ஊர் கடை இருப்பதுதான். நம்பியூர்ப் பக்கம் இருந்து வரும் ஒரு அம்மா போன ஐப்பசியில் சீட்டுப் பணத்தைப் போனில் போட்டார். அது வேறு ஊரில் இதே பெயரில் இருக்கும் ஒரு கடைக்குப் போய்விட்டது. அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர், விவரம் சொன்னதும் மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார். அம்மாதான் பாவம், அந்த ஒரு ராத்திரி தூங்கவில்லை. இன்னொரு தடவை அப்படி நடக்க வேண்டாம் என்று தோன்றியது.

‘சாமி பேரை எடுக்கலாமாப்பா?’ என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். எங்கள் அம்மாவுக்கும் அதே கவலை. குலதெய்வம் கோயிலில் பூ வாக்குக் கேட்டோம், வெள்ளைப் பூ வந்தது. அப்புறம்தான் போர்டுக்கே முன்பணம் கொடுத்தோம். முருகன் படம் இருந்த இடத்திலேயே இருக்கும், பில்லின் தலைப்பில் ‘முருகன் துணை’யும் இருக்கும்.

சரி, உங்களுக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பழைய பெயரில் உள்ள பில் எதுவும் செல்லாமல் போகாது. அந்த நகையை மாற்ற வந்தாலும், கண்ணி விட்டுப்போய்ப் பற்றவைக்க வந்தாலும், எங்கள் நகைக்கு எங்களுடைய பழைய பேச்சுதான். ஹால்மார்க் கட்டாயமாவதற்கு முன்னால் வாங்கிய நகைகளில், கொக்கிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வேல் முத்திரை இருக்கும். வயதானவர்கள் பூதக்கண்ணாடி தேட வேண்டாம், கொண்டு வாருங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய நகையில் 916-உடன், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி இருக்கிறது. கடைப் பெயர் மாறுவதால் அது மாறாது. BIS Care செயலியில் அதைப் போட்டு எப்போது வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சீட்டு கட்டுகிறவர்கள் சித்திரை மாதத் தவணைக்கு வரும்போது பாஸ்புக்கைக் கையோடு கொண்டு வாருங்கள். புதுப் பெயரில் மாற்றித் தருகிறோம், கட்டிய தவணைகள் அப்படியே ஏறும். போனில் பணம் போடுகிறவர்கள் கல்லாவில் ஒட்டியிருக்கும் புது க்யூஆரை நேரில் வந்து ஒரு தடவை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ‘பெயர் மாறிவிட்டது, இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று யாராவது கூப்பிட்டால் அது நாங்கள் இல்லை. ஓடிபியும் கேட்க மாட்டோம்.

1963-ல், 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று சட்டம் வந்தபோது அப்பாரு பாதிக் கடையில் பித்தளைப் பாத்திரம் விற்றார். பட்டறை ஆசாரிகளை மட்டும் வெளியே அனுப்பவில்லை. அந்தக் குடும்பத்தில் ஒருவர்தான் இன்றும் உங்கள் தாலிக்கொடிக்குப் பற்றவைக்கிறார்.

அட்சய திருதியையன்று போர்டு வைக்கலாம் என்று பையன் சொன்னான். அன்றைய நெரிசலில் போர்டை யார் பார்ப்பார்கள்? அதனால்தான் சித்திரைக் கனி காணும் நாள். காலை எட்டு மணிக்குப் பழைய போர்டை இறக்குகிறோம். அதை எடைக்குப் போட மனசு வரவில்லை, பட்டறைச் சுவரில் மாட்டப் போகிறோம். காபி, நிலக்கடலை மிட்டாய் உண்டு. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க.

இப்படிக்கு,
அத்தாணிக்காரர் வீட்டார்