நடுவுல நிக்கிறது யாரு?

(பெண்கள் விடுதி, இரண்டாம் மாடி. இரவு ஒன்பதரை. நாளைக் காலை பத்து மணிக்கு பி.காம். முதலாமாண்டு புள்ளியியல் இன்டர்னல் டெஸ்ட். கயல் கட்டில் முழுக்க நோட்டுகளைப் பரப்பி வைத்திருக்கிறாள். தேன்மொழி ஈரத் தலையைத் துவட்டியபடி உள்ளே வருகிறாள்.)

கயல்: தேனு, மீன், மீடியன், மோட் மூணையும் நாலு தடவை படிச்சுட்டேன் டி. புக்கை மூடினா மூணும் ஒண்ணாத்தான் தெரியுது.

தேன்மொழி: புக்கை அப்படி வை. போன மாசம் நம்ம மெஸ் பில் எப்படிப் போட்டாங்க?

கயல்: டிவைடிங் சிஸ்டம்தானே. மொத்தச் செலவைச் சாப்பிட்டவங்க கணக்குக்கு வகுத்தாங்க.

தேன்மொழி: அதுதான் மீன், கூட்டுச் சராசரி. எல்லாத்தையும் ஒரே அண்டாவுல கொட்டி, ஆளுக்குச் சமமா ஊத்துற மாதிரி. ரெண்டு இட்லி சாப்பிட்டவளுக்கும் ஆறு சாப்பிட்டவளுக்கும் ஒரே பங்கு.

கயல்: இது புரியுது. மீடியன்லதான் குழம்புறேன்.

தேன்மொழி: நம்ம வரிசை ரூம்ல ஏழு பேர் கையில இருக்கிற காசுன்னு வச்சுக்கோ. எழுது. 300, 200, 3750, 500, 200, 400, 250. மீன் என்ன?

கயல்: (கால்குலேட்டரில்) மொத்தம் 5600. ஏழால வகுத்தா 800.

தேன்மொழி: யார் கையிலயாவது 800 இருக்கா?

கயல்: கிட்டக்கூட இல்லையே! ஆறு பேர்கிட்ட 500-ம் அதுக்குக் கீழயும்தான் இருக்கு. அந்த 3750 தான் இழுத்துட்டுப் போயிடுச்சு.

தேன்மொழி: மீனோட குணமே அதுதான். ஒவ்வொரு எண்ணுக்கும் காது குடுக்கும், அதனால ஒருத்தர் கத்தினாலும் அந்தப் பக்கம் சாயும். சரி, மீடியன் சொல்லு.

கயல்: ஏழு பேர்ல நடுவுல நாலாவது ஆள். 300, 200, 3750, 500... அப்போ 500.

தேன்மொழி: இங்கதான் எல்லாரும் விழுறாங்க. அவங்க குடுத்த வரிசையில எண்ணக் கூடாது டி. பள்ளிக்கூடத்துல அசெம்பிளிக்கு உயரப்படி நிப்பாட்டுவாங்கல்ல, அப்படி நிப்பாட்டிட்டு அப்புறம் எண்ணு.

கயல்: 200, 200, 250, 300, 400, 500, 3750. நாலாவது 300.

தேன்மொழி: இப்ப அந்த 3750-ஐ 7250 ஆக்கு.

கயல்: மொத்தம் 9100, மீன் 1300. மீடியன்... அட, அதே 300!

தேன்மொழி: கடைசியில நிக்கிறவ இன்னும் நாலு அடி தள்ளிப் போனா நடுவுல நிக்கிறவளுக்கு என்ன? அவ இடம் மாறாது. சம்பளம், வீட்டு வாடகை மாதிரி ஒரு பக்கம் ரொம்ப நீளுற கணக்குக்கு மீடியனைச் சொல்றது அதனாலதான்.

கயல்: அந்தப் பணக்காரி ஊருக்குப் போயிட்டா ஆறு பேர்தான். அப்போ நடு யாரு?

தேன்மொழி: மூணாவது, நாலாவது ரெண்டு பேரையும் கூட்டிப் பாதியாக்கு.

கயல்: 250-ம் 300-ம். 275.

தேன்மொழி: மோட், நம்ம புக்குல முகடுன்னு இருக்கும். சொல்லு.

கயல்: 200 ரெண்டு தடவை வருது. அப்போ மோட் 2.

தேன்மொழி: எத்தனை தடவைன்னு நான் கேட்கல. எது அதிக தடவை வருதுன்னு கேட்டேன்.

கயல்: ஓ... 200.

தேன்மொழி: செருப்புக்கடைக்காரர் எந்த சைஸை அதிகமா வாங்கி அடுக்குவார்? அதிகம் விக்கிற சைஸைத்தான். சராசரி 6.37-ன்னு வந்தா அந்த சைஸ்ல செருப்பே கிடையாது. பிளட் குரூப் மாதிரி எண்ணே இல்லாத விஷயத்துக்குக் கூட மோட் சொல்லலாம். மத்த ரெண்டும் அங்க நடக்காது. ரெண்டு மதிப்பு சமமா அதிகம் வந்தா ரெண்டுமே மோட். எல்லாம் ஒவ்வொரு தடவைதான்னா மோட் இல்லைன்னு எழுது, சைபர்னு எழுதிடாதே.

கயல்: இதெல்லாம் சரி. அட்டவணை குடுத்தாத்தான் கை நடுங்குது. போன டெஸ்ட்ல இட்லிக் கணக்கு தப்பாப் போச்சு. இட்லி 2, 3, 4, 5, 6. ஆளுங்க 3, 5, 8, 14, 10. நான் மீடியன் 4-ன்னு எழுதினேன்.

தேன்மொழி: அஞ்சு எண்ணுக்கு நடு எண்ணை எடுத்துட்ட. வரிசையில நிக்கிறது இட்லி எண்ணிக்கை இல்ல, 40 பொண்ணுங்க. நடுவுல 20-வதும் 21-வதும். குவிவு அலைவெண் போடு, ஆளுங்களை ஒண்ணு மேல ஒண்ணாக் கூட்டிக்கிட்டே வா.

கயல்: 3, 8, 16, 30, 40. பதினாறு பேர் நாலுக்குள்ள முடிஞ்சுட்டாங்க. 20-ம் 21-ம் அஞ்சு இட்லிக்காரங்ககிட்ட. அப்போ மீடியன் 5!

தேன்மொழி: மீனுக்கும் அதே எச்சரிக்கை. 2-லிருந்து 6 வரை கூட்டி அஞ்சால வகுக்காதே. இட்லியை ஆளால பெருக்கிக் கூட்டினா 183. அதை 40-ஆல வகுத்தா 4.575.

கயல்: இப்ப 0-10, 10-20-ன்னு பிரிவாக் குடுத்தா மீடியனுக்கு வர்ற அந்தப் பெரிய சூத்திரம். மனப்பாடம் பண்றேன், மறந்துடுது.

தேன்மொழி: மனப்பாடம் வேண்டாம், நடந்து பார்ப்போம். 50 பேர் மார்க். 0-10-ல 4 பேர், 10-20-ல 8, 20-30-ல 20, 30-40-ல 10, 40-50-ல 8. நடு ஆள் எத்தனாவது?

கயல்: N/2, 25-வது.

தேன்மொழி: 20 மார்க் வாசல் வரைக்கும் எத்தனை பேர் முடிஞ்சாங்க?

கயல்: 4-ம் 8-ம், 12 பேர்.

தேன்மொழி: அப்போ அந்த 20-30 அறைக்குள்ள நுழைஞ்சு இன்னும் எத்தனை பேரைத் தாண்டணும்?

கயல்: 25-ல 12 போக 13. உள்ளே இருக்கிறது 20 பேர். இருபதுல பதிமூணு பங்கு தூரம் நடக்கணும்... அறையோட அகலம் 10... 6.5. வாசல் 20. மொத்தம் 26.5! தேனு, சூத்திரம் இதேதானா?

தேன்மொழி: இதேதான். எழுதிப் பாரு.

Median = l + ((N/2 − m) / f) × c

வாசல் l, முடிஞ்சவங்க m, அறையில இருக்கிறவங்க f, அகலம் c. பிரிவு 0-9, 10-19-ன்னு வந்தா மட்டும் கீழ 0.5 குறைச்சு, மேல 0.5 கூட்டி இடைவெளியை மூடிட்டு ஆரம்பி.

கயல்: மோடுக்கும் அதே அறைதான், 20 பேர் இருக்கிறதால. ஆனா அறைக்குள்ள எந்த இடம்?

தேன்மொழி: பக்கத்து ரெண்டு அறையைப் பாரு. எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்.

Mode = l + ((f − f1) / (2f − f1 − f2)) × c

கயல்: அறையில f 20, முன்னாடி அறை f1 8, பின்னாடி அறை f2 10. மேல 12, கீழ 40-ல 18 போக 22. 12-ஐ 22-ஆல வகுத்து பத்தால பெருக்கினா 5.45. மோட் 25.45. பத்து இருக்கிற பக்கம் பாதியைத் தாண்டி வந்திருக்கு, சரியா இருக்கு!

தேன்மொழி: மீனுக்குப் பிரிவோட நடுமதிப்பு 5, 15, 25, 35, 45.

கயல்: 20, 120, 500, 350, 360. மொத்தம் 1350, மீன் 27.

தேன்மொழி: இப்ப மூணு மடங்கு மீடியன்ல ரெண்டு மடங்கு மீனைக் கழி.

கயல்: 79.5-ல 54 போனா 25.5. ஏய், மோட் கிட்ட வந்துடுச்சு!

தேன்மொழி: கார்ல் பியர்சன் பேர்ல சொல்ற உறவு. தோராயம்தான், ரொம்பச் சாயாத அட்டவணைக்குத்தான் ஒத்துவரும். கணக்கு சரிதானான்னு பார்க்க வச்சுக்கோ. கேள்வியில இதை வச்சே கண்டுபிடின்னு கேட்டா மட்டும் விடையா எழுது.

கயல்: பன்னெண்டாவது கணக்கை நானே போடுறேன். நீ எட்டிப் பார்க்காதே.

தேன்மொழி: பார்க்கல. தலை காய வைக்கிறேன்.

கயல்: (பேனாவைத் திறந்து, தனக்குள்) ஒன்பது எண். முதல்ல எல்லாரும் உயரப்படி வந்து நில்லுங்க...