சோழமண்டலக் கரை: வணிகமும் ஆட்சியும் (எம்.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு) – 15 வாரத்துக்கான பாடத் திட்டம்

கடலூர், ஜூலை

மாணவர்களுக்கு,

பாடத்திட்டத்தில் ஐந்து அலகுகள், ஒவ்வொன்றுக்கும் சம மணிநேரம். வாசிப்புப் பட்டியலைப் பார்த்தால் கனம் அப்படிச் சமமாக இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை மூன்றாம் அலகில் 'போர்களுக்கான சான்று' என்று ஒரு வரியில் போட்டு முடித்திருக்கிறார்கள். அதில் துணி வியாபாரம், சாதிச் சண்டை, கோயில், கடன், வதந்தி எல்லாம் இருக்கின்றன. அதனால் அலகு வரிசையை விட்டு, கேள்விகளை வைத்து வாரங்களைப் பிரித்திருக்கிறேன். தேர்வுக்கு எந்த அலகும் விடுபடாது.

வாரம் 1: துறைமுகம் எப்படி உருவாகிறது? கெடிலமும் பெண்ணையாறும் கடலில் சேரும் இடங்களை வரைபடத்தில் பார்ப்போம். வாசிக்க எதுவும் இல்லை.

வாரம் 2, 3: அரிக்கமேடு யாருடையது? முதலில் 1945-இல் வீலர் தோண்டியது. ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்ததும் அவர் அந்த இடத்துக்கே அதை வைத்துத்தான் காலம் குறித்தார். அடுத்த வாரம் விமலா பெக்லி. 1989 முதல் 1992 வரை மறுபடி தோண்டி, ரோமானியச் சரக்கு வருமுன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டியவர். இரண்டையும் சேர்த்தே படியுங்கள். ஒன்றை மட்டும் படித்தால் அரைக் கதைதான். மூன்றாம் வாரச் சனிக்கிழமை அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குப் போகலாம்.

வாரம் 4: நிலம் விலைக்கு வந்த கதை. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் காலூன்றினார். 1690-இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை செஞ்சி மராட்டியரிடம் வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை எல்லை என்பது பேரம். குண்டு உப்பலவாடியில் இருந்து வருகிறவர்கள் ஊர்ப் பெயருக்குப் பெரியவர்கள் சொல்லும் காரணத்தைக் கேட்டு வாருங்கள். 1693-இல் டச்சுக்காரர் புதுச்சேரியைப் பிடித்ததும் திருப்பித் தந்ததும் இந்த வாரமே, அரைமணி போதும்.

வாரம் 5 முதல் 9 வரை: நாட்குறிப்பு. பருவத்தின் நடுப்பகுதி முழுக்க இதுதான். பிள்ளை 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கினார்; 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாள் முன்பு இறந்தார். வாரம் ஒரு கேள்வி:

5 – பிரெஞ்சுக்காரருக்கும் உள்ளூராருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் நின்ற துபாஷ் யாருக்கு வேலை செய்கிறார்? கவர்னருக்கா, வணிகருக்கா, தனக்கா?
6 – துணி முன்பணம் நெசவாளர் கைக்குப் போகும் வழியில் எத்தனை கை மாறுகிறது?
7 – 1746-இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர், அடுத்து வந்து மோதியும் தேவனாம்பட்டினத்தைப் பிடிக்க முடியாமல் போனது ஏன்?
8 – 1748 செப்டம்பர்: வேதபுரீஸ்வரர் கோயில் இடிப்பு. இந்த வாரத்துக்கு மட்டும் இரண்டு வகுப்பு கூடுதல். பிள்ளை என்ன எழுதுகிறார் என்பதோடு, எங்கே மௌனமாகிறார் என்றும் குறித்து வாருங்கள்.
9 – அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? விவாதம்.

நாட்குறிப்பு தமிழில் எழுதப்பட்டது, தமிழிலேயே படியுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகள், அவ்வளவையும் புரட்ட வேண்டாம். தேர்ந்த பதிவுகளின் ஜெராக்ஸ் துறை அலுவலகத்தில் இருக்கும். நடை முதலில் முரண்டு பிடிக்கும், முற்றுப்புள்ளியே வராதது போல வாக்கியம் ஓடும். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

வாரம் 10: உள்மதிப்பீட்டுத் தேர்வு. ஒன்று முதல் ஒன்பது வரை.

வாரம் 11: 1758, 1761, 1783. பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்தைப் பிடித்தது, ஆங்கிலேயத் தளபதி கூட் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கியது, கடலூர் முற்றுகை. மூன்று போரும் ஒரே வாரத்தில். போர்த் தந்திரத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை.

வாரம் 12: நீலத் துணி. புதுச்சேரியில் சாயம் தோய்ந்த துணி செனகல் வரை போய், அங்கே பிசினுக்குப் பண்டமாற்றாகக் கைமாறியது. நான்காம் அலகில் இது ஒரே வரி. ஆறாம் வாரக் குறிப்புகளை எடுத்து வாருங்கள்.

வாரம் 13: ஆலையும் துப்பாக்கியும். 1936 ஜூலை 30, புதுச்சேரியில் வேலைநிறுத்தத்தில் இருந்த பஞ்சாலைத் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு. 12 பேர் உயிரிழந்தார்கள். அந்த நாளின் அஞ்சலி நம் இரண்டாம் வாரத்தை ஒட்டியே வரும். போக முடிந்தவர்கள் அப்போதே போய், பார்த்ததை ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் அது தேவைப்படும்.

வாரம் 14: காலியாக விட்டிருக்கிறேன். ஐப்பசியில் கலெக்டர் எத்தனை நாள் மழை விடுமுறை விடுவார் என்று யாருக்குத் தெரியும்? மழை இல்லையென்றால் கட்டுரை வரைவுகளைப் பார்ப்போம்.

வாரம் 15: இணைப்பு. 1954 அக்டோபர் 18, கீழூர்: பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முடிந்தது 1962-இல். அந்த எட்டு ஆண்டு இடைவெளிதான் வகுப்புக்கான பொருள். கட்டுரையை இந்த வாரத் திங்கட்கிழமை கையெழுத்துப் பிரதியாகத் தர வேண்டும், நான்காயிரம் சொல்லுக்கு மேல் வேண்டாம்.